ஒரு பிள்ளைக்கு மாதம் எவ்வளவு? சிறுவர் இல்லத்தின் வரவு செலவுத் திட்டம்

சிறுவர் இல்லத்துக்கு உதவ வருபவர் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஒரு பிள்ளைக்கு மாதம் எவ்வளவு ஆகும்?" இல்லம் நடத்துபவர் நானூறு ரிங்கிட் என்பார். அந்த நானூறு எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தால் சாப்பாடு, பள்ளி, மருந்து ஆகிய மூன்றும் இருக்கும். நடுராத்திரியில் காய்ச்சல் கண்ட பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் சம்பளம் அதில் இருக்காது. பல இல்லங்களின் பண நெருக்கடி அங்கேதான் தொடங்குகிறது.

அந்தத் தொகையைச் சரியாகக் கண்டுபிடிக்கும் முறையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில், வாடகை வீட்டில் நடக்கும் இல்லம் ஒன்றைக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 பிள்ளைகள். 12 பேர் தமிழ்ப்பள்ளி, 8 பேர் இடைநிலைப்பள்ளி. சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட விலைகளையும் கட்டணங்களையும் தவிர மற்ற விலைகள் எல்லாம் உதாரணத்துக்காக வைத்தவை. உங்கள் ஊர்க் கடை ரசீதைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

சாப்பாடு: எத்தனை வாய் என்பதிலிருந்து

பிள்ளைகள் 20 பேர் என்பதால் 20 பேருக்குக் கணக்குப் போடுவது முதல் தவறு. வேலையில் இருக்கும் பணியாளர்களும் அங்கேதான் சாப்பிடுவார்கள். ஒரு நேரத்துக்குச் சராசரியாக மூன்று பேர் என்றால் 23 வாய். அடுப்பில் வைக்கும் அரிசி இந்த எண்ணிக்கைக்குத்தான்.

ஒரு நாளைக்கு இரண்டு வேளை சோறு என்றால், சிறியவர் பெரியவர் சேர்த்துச் சராசரி ஓர் ஆளுக்கு 250 கிராம் அரிசி. 23 பேருக்கு நாளைக்கு 5.75 கிலோ, மாதத்துக்கு 172.5 கிலோ. 10 கிலோ பையாக வாங்கினால் 18 பை. உள்ளூர் வெள்ளை அரிசியின் கட்டுப்பாட்டு விலை 10 கிலோவுக்கு 26 ரிங்கிட் என்பதால் 468 ரிங்கிட். ஆனால் உள்ளூர் அரிசி கடையில் இல்லாத வாரங்கள் வரும். அப்போது இறக்குமதி அரிசிதான். பை 38 ரிங்கிட் என்றால் அதே 18 பை 684 ரிங்கிட் ஆகிவிடும். 216 ரிங்கிட் வித்தியாசத்தை எங்கிருந்து எடுப்பது? பெரும்பாலும் மீனும் பழமும்தான் முதலில் குறையும். அதனால் உணவுக் கணக்கில் மலிவு விலையை மட்டும் எழுதி வைக்கக்கூடாது.

கோழியும் இதே முறைதான். எலும்போடு ஓர் ஆளுக்கு 120 கிராம், ஒரு வேளைக்கு ஏறக்குறைய 2.8 கிலோ. வாரம் மூன்று நாள் என்றால் மாதம் 13 வேளை, 36 கிலோ. கிலோ 10 ரிங்கிட் என்றால் 360. மீன், முட்டை, பருப்பு, காய்கறி, பழம், பால் மாவு, காலைப் பசியாறல், மாலைப் பலகாரம், சமையல் எரிவாயு எல்லாவற்றையும் இப்படி அளவு பெருக்கல் விலை என்று போட்டுக் கூட்டுங்கள். நம் உதாரணத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 ரிங்கிட் என்று வைக்கிறோம். 23 பேர், 30 நாள்: 4,830 ரிங்கிட்.

"போன மாதம் மளிகைக்கு 4,000 ஆனது, இந்த மாதமும் அவ்வளவுதான்" என்று எழுதுவது திட்டம் ஆகாது. போன மாதம் யாராவது ஐந்து மூட்டை அரிசி இறக்கிவிட்டுப் போயிருந்தால் அந்த 4,000 பொய்க்கணக்கு. அளவிலிருந்து போட்ட கணக்கு கையில் இருந்தால்தான், செலவு திடீரென்று இறங்கும்போது அது சிக்கனமா, நன்கொடையா, பிள்ளைகளின் தட்டில் விழுந்த குறைவா என்று கண்டுபிடிக்க முடியும்.

பள்ளி: மாதச் செலவல்ல, ஆண்டுச் செலவு

பள்ளிச் செலவை மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஆண்டு தொடக்கத்தில் ஒரே தடவையாக வருவது ஒன்று: சீருடை இரண்டு செட், கருப்புக் காலணி, பை, பயிற்சி நூல்கள், விளையாட்டு உடை, புறப்பாட நடவடிக்கைச் சீருடை, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கட்டணம். பாடநூல்கள் இரவலாகப் பள்ளியிலேயே கிடைத்துவிடும், அதற்குக் காசில்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு 500, இடைநிலைப்பள்ளிப் பிள்ளைக்கு 600 என்றால் மொத்தம் 10,800 ரிங்கிட்.

இரண்டாவது வேன். பிள்ளைக்கு மாதம் 60 ரிங்கிட் வீதம் 20 பேருக்கு 1,200. பதினொரு மாதத்துக்கு 13,200. மூன்றாவது கைக்காசு. சிறியவருக்கு நாள் 2 ரிங்கிட், பெரியவருக்கு 4 என்றால் ஒரு பள்ளி நாளுக்கு 56 ரிங்கிட். சுமார் 190 பள்ளி நாளுக்கு 10,640. மூன்றையும் கூட்டினால் ஆண்டுக்கு 34,640. பன்னிரண்டால் வகுத்தால் மாதச் சராசரி 2,890 ரிங்கிட்.

இந்தச் சராசரி ஒரு பிள்ளையின் செலவைக் கண்டுபிடிக்க உதவும். ஆனால் பணம் இப்படிச் சமமாகப் போகாது. 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால், 10,800 ரிங்கிட்டும் டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரிக்குள் கரைந்துவிடும். தீபாவளி முடிந்து நன்கொடை வற்றுகிற நேரமும் அதுதான். வழி எளிது: பிப்ரவரி முதல் மாதம் 900 ரிங்கிட்டைத் தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். அந்தக் கணக்கைச் சம்பளத்துக்கோ மின்சாரத்துக்கோ தொடக்கூடாது. தொட்டுவிட்டு ஜனவரியில் போன வருடக் காலணியையே போடச் சொல்லும் இல்லங்களில், மார்ச் மாதத்துக்குள் பிள்ளை பள்ளிக்குப் போக மறுக்கத் தொடங்கும். காரணம் கேட்டால் வயிற்றுவலி என்று சொல்லும்.

மாணவர்களுக்குப் பள்ளி ஆண்டுத் தொடக்கத்துக்காக அரசாங்கம் தரும் 150 ரிங்கிட் உதவித்தொகை 20 பேருக்கும் கிடைத்தால் 3,000 ரிங்கிட். இதைக் கையில் வந்த பிறகுதான் வரவில் எழுத வேண்டும். பிறப்புப் பத்திரம் சரியில்லாத பிள்ளை, பாதி ஆண்டில் பள்ளி மாறி வந்த பிள்ளை என்று ஒன்றிரண்டு பெயர் விட்டுப்போகும். அதே போல, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் பெயர் பள்ளியின் கூடுதல் உணவுத் திட்டத்தில் இருக்கிறதா என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். காலை உணவு அங்கே கிடைத்தால் கைக்காசைப் பாதியாக்கலாம்.

பராமரிப்பாளர்: பாதிக்கு மேல் இங்கேதான்

இந்தப் பகுதியைத்தான் பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நாம் நின்று கணக்குப் போடுவோம்.

வீட்டில் எந்த நேரமும் பொறுப்புள்ள ஒருவராவது விழிப்பாக இருக்க வேண்டும் என்று வையுங்கள். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம். வேலைச் சட்டப்படி ஒருவரின் வழக்கமான வேலை வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. அந்த உச்சவரம்பு 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. ஆண்டுக்கு 2,340 மணி நேரம் வரும். அதில் 11 பொது விடுமுறை, புதிதாகச் சேர்ந்தவருக்குக் குறைந்தது 8 நாள் ஆண்டு விடுப்பு ஆகியவற்றைக் கழித்தால், நாளுக்கு ஏழரை மணி வீதம் சுமார் 140 மணி நேரம் போய், ஏறக்குறைய 2,200 மிஞ்சும். 8,760-ஐ 2,200-ஆல் வகுத்தால் நான்கு.

அதாவது, எந்த நேரமும் *ஒரே ஒருவர்* இருக்க நான்கு பேரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். இரண்டு பேர் இருக்க அல்ல. மாலை நான்கு மணி முதல் ஒன்பது வரை வீட்டுப்பாடம், குளியல், சாப்பாடு, சண்டை எல்லாம் ஒன்றாக வரும் நேரத்துக்கு அந்த ஒருவர் போதாது. அப்போது பொறுப்பாளரும் சமையல்காரரும் கைகொடுத்தால்தான் சமாளிக்க முடியும். ஆகவே நம் உதாரணத்தில் நான்கு பராமரிப்பாளர், ஒரு சமையல்காரர், ஒரு பொறுப்பாளர் என்று ஆறு பேர். சமூக நல இலாகா, 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டத்தின் கீழ் இல்லத்தைப் பதியும்போது கேட்கும் ஆள் எண்ணிக்கைக்கும் இது குறையக்கூடாது.

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 ஆகஸ்ட் முதல் ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கும் இது பொருந்தும். ஐந்து பேருக்கு 1,700, பொறுப்பாளருக்கு 2,200 என்றால் 10,700. இத்தோடு நின்றுவிடுவது அடுத்த தவறு. முதலாளி பங்காக ஊழியர் சேமநிதிக்கு 13 விழுக்காடு, அதாவது 1,391. பெர்கேசோவுக்கும் வேலைக் காப்பீட்டுக்கும் சேர்த்துச் சுமார் 2 விழுக்காடு, ஏறக்குறைய 210. ஒருவர் உடம்பு சரியில்லாமல் விடுப்பு எடுத்தால் வரும் மாற்று ஆளுக்கு மாதம் 400 ஒதுக்கினால் மொத்தம் 12,700 ரிங்கிட். சேமநிதியும் பெர்கேசோவும் ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியவை. நன்கொடை வரும்வரை அவை காத்திருக்காது, தாமதித்தால் அபராதம் சேரும்.

"எங்கள் அக்கா இல்லத்திலேயே தங்கியிருக்கிறார், ஒருவரே போதும்" என்று சில இடங்களில் சொல்வார்கள். அந்த அக்கா வாரத்துக்கு நூறு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்கிறார் என்பதுதான் அதன் பொருள். ஓரிரு ஆண்டில் அவர் களைத்துப்போய் விலகுவார். ஏற்கெனவே ஒரு தாயை இழந்த பிள்ளைக்கு இன்னொருவரும் போய்விடுவார். திட்டத்தில் மிச்சம் பிடித்ததாகத் தெரியும் அந்தப் பணத்துக்கு விலை கொடுப்பது பிள்ளைதான். எந்த வரியை வெட்டினாலும் இந்த வரியைக் கடைசியாக வெட்டுங்கள்.

உடல்நலம்: கட்டணம் சிறிது, அலைச்சல் பெரிது

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட். பள்ளிக்கே வரும் சுகாதாரக் குழுவும் பல் மருத்துவக் குழுவும் தடுப்பூசி, பல் பார்வை ஆகியவற்றைச் செய்துவிடும். அப்படியானால் இந்த வரிக்கு என்ன செலவு? நிபுணரைப் பார்க்க ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போய் வரும் போக்குவரத்து, அவசரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தனியார் கிளினிக், மூக்குக் கண்ணாடி, முதலுதவிப் பெட்டி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை உயரம், எடை, கண் பார்வை மூன்றையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டையில் எழுதி வையுங்கள். ஆறு மாதத்தில் எடை ஏறவே இல்லை என்றால் உணவுத் திட்டத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் தெரியாத குறை அந்த அட்டையில் தெரியும்.

இல்லங்களில் திடீரென்று வரும் செலவுக்கு நல்ல உதாரணம் சிரங்கு. ஒரு பிள்ளைக்குத்தான் அரிப்பு என்று ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டால் மூன்று வாரத்தில் திரும்ப வரும். மருத்துவர் சொல்லும் பெர்மெத்ரின் மருந்தை வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே இரவில் கழுத்திலிருந்து பாதம்வரை பூசி, காலையில் கழுவி, ஒரு வாரம் கழித்து மறுபடி செய்ய வேண்டும். படுக்கை விரிப்பு எல்லாம் அன்றே சுடுநீரில் துவைக்க வேண்டும். 23 பேர், இரண்டு முறை, ஒரு முறைக்கு 20 ரிங்கிட் என்றால் 920 ரிங்கிட் ஒரே வாரத்தில். இதற்குப் பணம் ஒதுக்காத இல்லம் "முதலில் இரண்டு பேருக்குப் போடலாம்" என்று தொடங்கி, கடைசியில் இரண்டு மடங்கு செலவழிக்கும். இதையும் போக்குவரத்து, கண்ணாடி, மருந்து எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு 5,000, மாதம் 420 ரிங்கிட்.

ஒரு எச்சரிக்கை. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை இருந்தால் இந்த 420 போதாது. குடியுரிமை நிரூபிக்கப்படாதவரை அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம்தான். ஒரு ரிங்கிட் பல பத்து ரிங்கிட் ஆகும், படுக்கையில் சேர்த்தால் முன்பணமும் கேட்பார்கள். தோட்டத்துக் குடும்பங்களில் இது அரிதான நிலைமை அல்ல. அத்தகைய பிள்ளைக்குத் தேசியப் பதிவிலாகா அலைச்சலுக்கும் மருத்துவத்துக்கும் தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள்.

கூட்டிப் பார்ப்போம்

வாடகை, மின்சாரம், தண்ணீர், சோப்பு, மாதவிடாய்ப் பட்டைகள், பழுதுபார்ப்பு, தணிக்கைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 2,900 என்று வைத்தால் மாதக் கணக்கு இது:

- சாப்பாடு 4,830
- பள்ளி 2,890
- பராமரிப்பாளர் 12,700
- உடல்நலம் 420
- வீடு 2,900
- மொத்தம் 23,740 ரிங்கிட்

இருபதால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு 1,187. சாப்பாடு, பள்ளி, உடல்நலம் மூன்றையும் மட்டும் கூட்டி வகுத்தால் 407. தொடக்கத்தில் சொன்ன நானூறு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. இருபது பிள்ளைகளுக்கும் இருபது ஆதரவாளர் கிடைத்து ஒவ்வொருவரும் 400 கொடுத்தாலும் 8,000தான் வரும். மாதம் 15,740 பற்றாக்குறை. "எல்லாப் பிள்ளைக்கும் ஆதரவாளர் கிடைத்துவிட்டார்" என்று மகிழ்ந்த இல்லம் மூன்றாம் மாதமே சம்பளம் கொடுக்க முடியாமல் தவிப்பது இதனால்தான்.

பிள்ளைகள் குறைந்தால் செலவு குறையும் என்ற எண்ணமும் சரியல்ல. இரண்டு பேர் குடும்பத்தோடு சேர்ந்துவிட்டால் சாப்பாட்டில் 420, பள்ளியில் ஏறக்குறைய 290 குறையும். பராமரிப்பாளரும் வாடகையும் அப்படியே. மொத்தம் 23,030, பதினெட்டால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு 1,279. இதைப் பார்த்து, வீட்டுக்குத் திரும்பக்கூடிய பிள்ளையை இல்லத்திலேயே வைத்துக்கொள்ளும் ஆசை யாருக்கும் வரக்கூடாது. அதனால்தான் பிள்ளை எண்ணிக்கையோடு ஏறி இறங்கும் செலவையும் நிலையான செலவையும் இரண்டு நெடுவரிசையாக எழுத வேண்டும்.

ஆதரவாளரிடம் என்ன கேட்பது

ஒரு பிள்ளையை ஒரே ஆதரவாளரோடு கட்டிப்போட வேண்டாம். அவர் நிறுத்தினால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் குறைவு என்ற நிலை வரும், புகைப்படமும் கதையும் கேட்பார். அதற்குப் பதிலாகச் செலவையே பங்கு போட்டு முன்வையுங்கள். இல்லத்தின் ஒரு நாள் சாப்பாடு 161 ரிங்கிட். ஒரு பராமரிப்பாளரின் ஒரு நாள், சேமநிதி எல்லாம் சேர்த்து, சுமார் 65 ரிங்கிட். மாதம் 65 கொடுக்க முன்வரும் கடைக்காரருக்கு, "ஒவ்வொரு மாதமும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரின் ஒரு நாள் சம்பளம் உங்கள் பணத்தில்" என்று சொல்லலாம். அது உண்மை, அவருக்கும் புரியும்.

பிறந்தநாள் விருந்துக்கு வருபவரிடமும் இந்தக் கணக்கைத் தயங்காமல் காட்டுங்கள். 500 ரிங்கிட்டுக்குக் கேட்டரிங் சாப்பாடு கொண்டு வந்தால் அன்றைய ஒரு வேளைதான் மிச்சம். ஒரு வேளைக்கு ஓர் ஆளுக்கு இரண்டரை ரிங்கிட் என்றால் இல்லத்துக்கு மிஞ்சுவது 58 ரிங்கிட்கூட இல்லை. அதே 500-இல் கேக் வெட்டி, இல்லத்துச் சமையலறையிலேயே கோழிக் குழம்பும் பாயசமும் வைத்து, மிச்சத்தில் இரண்டு நாள் உணவையும் ஏற்கலாம்.

பொருளாக வருவதைப் பணத்தோடு கலந்து எழுதக்கூடாது. தீபாவளி வாரத்தில் 60 பை அரிசி வந்தால் அதை 1,560 ரிங்கிட் என்று தனி ஏட்டில் எழுதுங்கள். மாதம் 18 பைதான் தேவை என்பதால் அது மூன்று மாதத்துக்கு மேல் வரும். கடைசி மூட்டைகளில் வண்டு பிடிக்கும். அதனால் பழைய பை முன்னால், புதியது பின்னால் என்று அடுக்கி, தேதி ஒட்டி வையுங்கள். நாம் வாங்கியிருக்கவே மாட்டோம் என்ற பொருள்களுக்கு, பெட்டி பெட்டியாக வரும் மீ பாக்கெட்டுக்கு, வரவில் மதிப்பே போட வேண்டாம். மதிப்புப் போட்டால் ஆண்டறிக்கையில் பணம் இருப்பது போலத் தெரியும், வங்கியில் இருக்காது.

வாக்கு வேறு, வரவு வேறு. 30 பேர் மாதம் 100 தருவதாகச் சொல்லியிருந்தால் 3,000 என்று எழுதாதீர்கள். சென்ற பன்னிரண்டு மாத வங்கி அறிக்கையை எடுத்து, சொன்னவர்களில் எத்தனை பேர் உண்மையில் ஒவ்வொரு மாதமும் போட்டார்கள் என்று எண்ணுங்கள். 21 பேர் என்றால் 2,100தான் வரவு. வங்கியில் தானியங்கி மாற்றம் போட்டுவைப்பவரை ஒரு பட்டியலிலும், நினைவு வரும்போது தருபவரை இன்னொரு பட்டியலிலும் வையுங்கள். சம்பளம் முதல் பட்டியலை நம்பித்தான் இருக்க வேண்டும்.

"பள்ளிக்கு மட்டும்" என்று சொல்லிக் கொடுத்த பணத்தைச் சம்பளத்துக்கு எடுக்கக்கூடாது, ஒரு வாரக் கடனாகக்கூட. ரசீதிலேயே எதற்கு என்று எழுதுங்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற இல்லத்தின் ரசீதுக்குத்தான் கொடுத்தவர் வரிக்கழிவு கோர முடியும். அங்கீகாரம் இல்லாத இல்லம் அப்படி ஒரு நம்பிக்கையைத் தரக்கூடாது.

கடைசியாக இருப்புப் பணம். மூன்று மாதச் சம்பளமும் சாப்பாடும் என்றால் 52,590 ரிங்கிட். ஒரே ஆண்டில் சேராது. தீபாவளி மாதத்தில் வழக்கத்துக்கு மேல் வரும் ஒவ்வொரு ரிங்கிட்டிலும் பாதியை அந்தக் கணக்குக்கு மாற்றுவது என்று நிர்வாகக் குழு கூட்டக் குறிப்பில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். பணம் கைக்கு வந்த பிறகு பேசினால், அதற்குள் புதிய தொலைக்காட்சிக்கு யாராவது விலை விசாரித்திருப்பார்கள்.